நியூட்டனின் முக்கோணங்களும் பெயின்மனின் அட்டவணையும்: சக்தி கசியாத ஒரு கணிப்பின் கதை

ஒரு ஊசலைக் கணினிக்குள் ஆடவிடுவது சின்ன வேலை மாதிரித்தான் தெரியும். ஊசல் இப்ப எங்கே நிற்கிறது, என்ன வேகத்தில் போகிறது என்ற இரண்டு எண்களும் கையில் இருந்தால், அடுத்த கணத்தில் எங்கே இருக்கும் என்று கணிக்கலாம். பிறகு அதிலிருந்து அதற்கடுத்த கணம். உராய்வு இல்லாத ஊசல் என்றால் அது காலம் முழுக்க ஒரே உயரத்துக்கு ஆடவேண்டும். ஆனால் மனதில் முதலில் தோன்றும் வழியில் கணித்துப் பார்த்தால் ஊசல் ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் கூடுதலாக எழும்பும். யாரும் தள்ளவில்லை. சக்தி எங்கிருந்து வந்தது?

கணிப்பு முறையிலிருந்துதான் வந்தது. அந்தக் கசிவை அடைக்கும் சின்னத் திருத்தம் ஒன்று இருக்கு. அதற்கு நூல்களில் பல பெயர்கள்: வெர்லே முறை, ஸ்டோர்மர் முறை, தவளைப் பாய்ச்சல் முறை. சிலர் இதை நியூட்டனின் முறை என்றே சொல்கிறார்கள். வரலாறு படிக்கிற ஆளாக எனக்கு இந்தக் கடைசிப் பெயரோடுதான் தகராறு. அதைப் பேசுவதற்கு முன்னால் முறை என்ன என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கவேண்டும். கணக்கு கூட்டல், பெருக்கல் அளவுதான், பயப்படாதேங்கோ.

முதலில், பிழையான வழி

சிறிய அலைவுள்ள ஊசல் ஒன்றை எடுப்போம். நடுப்புள்ளியிலிருந்து அது விலகிய தூரம் x, வேகம் v. அளவுகளை வசதியாகத் தேர்ந்தால், ஆர்முடுகல் −x ஆகும். அதாவது எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு பலமாகத் திரும்ப இழுபடும். சக்தி (v² + x²)/2. ஒரு முழு ஆட்டத்துக்கு 6.28 அலகு நேரம் எடுக்கும். நேரத்தை 0.1 அலகுத் துண்டுகளாக வெட்டுவோம். ஆக, ஒரு ஆட்டத்துக்குச் சுமார் 63 துண்டுகள்.

x = 1, v = 0 என்ற இடத்தில் விடுகிறோம். சக்தி 0.5. நேரடி வழி இது: இப்போதைய வேகத்தால் இடத்தை மாற்று, இப்போதைய இழுவையால் வேகத்தை மாற்று. முதல் அடியில் வேகம் பூச்சியம், எனவே இடம் 1 ஆகவே நிற்கும். வேகம் −0.1 ஆகும். இப்போது சக்தி (0.01 + 1)/2, அதாவது 0.505. ஒரே அடியில் நூற்றுக்கு ஒன்று கூடிவிட்டது. இது முதல் அடிக்கு மட்டும் வந்த விபத்து இல்லை. இந்த வழியில் ஒவ்வொரு அடியிலும் சக்தி சரியாக 1.01 ஆல் பெருக்கப்படும். வட்டிக்கு வட்டி மாதிரி. ஒரு ஆட்டம் முடிய சக்தி 1.87 மடங்கு. பத்து ஆட்டம் முடிய 500 மடங்குக்கு மேல்.

அடியைச் சின்னதாக்கினால் என்ன என்று கேட்கலாம். கசிவு மெதுவாகும், ஆனால் நிற்காது. எப்போதும் ஒரே திசையில்தான் போகும்.

இதைவிட ஆபத்தானது எதிர்ப்பக்கப் பிழை. இந்த வழியையே தலைகீழாக்கி, அடுத்த கணத்து வேகத்தையும் இழுவையையும் வைத்துக் கணிக்கும் ஒரு வழியும் உண்டு. அதில் சக்தி ஒவ்வொரு அடியிலும் 1.01 ஆல் வகுபடும். ஊசல் மெல்ல மெல்ல ஓய்ந்துபோகும். பார்க்கிறவருக்கு அது மிக இயல்பாக இருக்கும், ஏனென்றால் நிஜ ஊசலும் அப்படித்தானே ஓய்கிறது. பிழை உராய்வின் வேடத்தில் வந்து நிற்கும். உராய்வே போடாத கணிப்பில் ஊசல் ஓய்ந்தால் சந்தேகப்படவேண்டும்.

தவளைப் பாய்ச்சல்

திருத்தம் இதுதான்: இடத்தையும் வேகத்தையும் ஒரே கணத்தில் அளக்காதே. இடத்தை 0, 0.1, 0.2 என்ற நேரங்களில் எழுது. வேகத்தை அவற்றின் நடுவில், 0.05, 0.15, 0.25 என்ற நேரங்களில் எழுது. நடுவில் உள்ள வேகம் இடத்தை ஒரு முழு அடி நகர்த்தும். நடுவில் உள்ள இடம் வேகத்தை ஒரு முழு அடி மாற்றும். ஒன்று மற்றதன் மேலால் தாண்டித் தாண்டிப் போகும். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு நன்னூல் சொல்லும் சூத்திர நிலைகளில் 'தவளைப் பாய்த்து' நினைவுக்கு வரும். பக்கத்தில் இருப்பதை விட்டு அதற்கு அப்பால் உள்ளதோடு போய்ச் சேர்வது. பெயர் தற்செயலாகத்தான் பொருந்துகிறது, ஆனால் நன்றாகப் பொருந்துகிறது.

தொடக்கத்தில் மட்டும் ஒரு அரை அடி வைத்து வேகத்தை நடுவுக்குக் கொண்டுவரவேண்டும். ஒவ்வொரு அடியின் முடிவிலும் இன்னொரு அரை அடியால் வேகத்தை இடத்தோடு ஒரே கணத்துக்குக் கொண்டுவந்தால் சக்தியையும் கணக்குப் பார்க்கலாம். கணினியில் எழுதினால் இவ்வளவுதான்:

```python
x, v, h = 1.0, 0.0, 0.1
for n in range(628):
    v = v - x*h/2
    x = x + v*h
    v = v - x*h/2
    print(n, x, v, (v*v + x*x)/2)
```

இதை ஓடவிட்டால் சக்தி 0.5 இலிருந்து 0.49875 வரை இறங்கும், திரும்ப 0.5 க்கு ஏறும், திரும்ப இறங்கும். பத்து ஆட்டத்துக்குப் பிறகும் இதே இரண்டு எல்லைக்குள். பத்தாயிரம் ஆட்டத்துக்குப் பிறகும் அப்படியே. காரணத்தைக் கையாலேயே சரிபார்க்கலாம். இந்த மூன்று வரிகளும் v² + (1 − h²/4)x² என்ற ஒரு அளவைத் துளியும் மாற்றுவதில்லை. அது உண்மையான சக்தி இல்லை, சக்தியின் மிக நெருங்கிய சொந்தம். h = 0.1 என்றால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதிகபட்சம் நூற்றுக்குக் கால் பங்கு. அந்தச் சொந்தத்தோடு கட்டப்பட்டிருப்பதால் சக்தி அலையலாம், ஓடிப்போக முடியாது.

ஏன் இப்படி? இந்த முறை காலத்தில் திரும்பிப் போகக்கூடியது. 628 அடி போனபின் வேகத்தின் குறியை மாற்றி (`v = -v`) இன்னொரு 628 அடி போனால், தொடங்கிய x = 1 க்கே வந்து சேரும். வித்தியாசம் கணினி எண்களை வெட்டும் கடைசித் தசமங்களில் மட்டும். நேரடி வழியில் ஒரு அடி போய் ஒரு அடி திரும்பினாலே 1 அல்ல, 1.01 இல்தான் வந்து நிற்பீர்கள்.

இனி ஒரு சின்னத் தர்க்கம். திரும்பக்கூடிய ஒரு முறை ஒவ்வொரு ஆட்டத்திலும் சக்தியைக் கொஞ்சம் கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் அதே பாதையில் திரும்பி ஓடும் ஊசல் ஒவ்வொரு ஆட்டத்திலும் சக்தியை இழக்கவேண்டும். ஆனால் திரும்பி ஓடும் ஊசலும் அதே விதிகளால் ஆடும் அதே ஊசல்தான், அதுவும் சக்தியைக் கூட்டித்தானே ஆகவேண்டும்? இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. ஆகவே கூட்டலும் இல்லை, இழப்பும் இல்லை. போகும்போது எடுத்ததை வரும்போது திருப்பிக் கொடுத்தே தீரவேண்டும்.

1687: முக்கோணங்கள்

இப்போது வரலாறு. நியூட்டனின் பிரின்சிப்பியா 1687 இல் வந்தது. அதன் முதலாம் புத்தகத்தின் முதலாவது தேற்றம், கெப்ளர் 1609 இல் வெளியிட்டிருந்த ஒரு விதியை நிறுவுகிறது: சூரியனையும் கோளையும் இணைக்கும் கோடு சம நேரத்தில் சம பரப்பைக் கடக்கும்.

நியூட்டன் செய்தது இது. நேரத்தைச் சம துண்டுகளாக வெட்டினார். ஒவ்வொரு துண்டிலும் கோள் எந்த விசையும் இல்லாமல் நேர்கோட்டில் போகிறது. துண்டின் முடிவில் சூரியனை நோக்கி ஒரு தட்டு. திசை மாறி, அடுத்த துண்டு முழுக்கத் திரும்பவும் நேர்கோடு. திரும்பவும் தட்டு. பாதை வளைகோடாக இல்லாமல் ஒரு பல்கோணமாக வருகிறது. சூரியனிலிருந்து அதன் மூலைகளுக்குக் கோடு இழுத்தால் வரிசையாக முக்கோணங்கள்.

இந்த முக்கோணங்கள் எல்லாம் சம பரப்பு என்று காட்டுகிறார். தட்டு விழாமல் இருந்தால் கோள் அதே கோட்டில் அதே தூரம் போயிருக்கும். அடி சமம், உயரம் சமம், பரப்பு சமம். தட்டு சூரியனை நோக்கிய கோட்டின் திசையில் விழுவதால், முக்கோணத்தின் உச்சி அந்தக் கோட்டுக்குச் சமாந்தரமாக மட்டுமே நகரும். எனவே பரப்பு மாறாது. துண்டுகள் பெரிதோ சிறிதோ, இது அண்ணளவு இல்லை, மிகச் சரியான சமம்.

நேர்கோட்டில் ஒரு அடி, ஒரு தட்டு, திரும்ப ஒரு அடி. மேலே எழுதிய கணினி வரிகளைப் பாருங்கோ. அதே ஒழுங்குதான்.

1961: அட்டவணை

274 ஆண்டு தாண்டிப் போவோம். 1961 இல் கல்டெக்கில் ரிச்சர்ட் பெயின்மன் முதலாமாண்டு மாணவர்களுக்குப் பௌதிகவியல் விரிவுரை நடத்துகிறார். பிறகு நூலாக வந்த அந்த விரிவுரைகளின் முதல் தொகுதியில், ஒன்பதாம் அத்தியாயத்தில், சூரியனைச் சுற்றும் கோள் ஒன்றைக் கரும்பலகைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறார். முதலில் நேரடி வழியைச் சொல்லிவிட்டு, வேகத்தை இடைவெளியின் நடுவில் எடுத்தால் கூடத் துல்லியம் வரும் என்று அரை அடிக்கு மாறுகிறார்.

அவருடைய எண்கள்: கோள் x = 0.5, y = 0 இல் தொடங்குகிறது. வேகம் முழுக்க y திசையில், 1.63. அடி 0.1. இழுவை தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு.

முதல் அடி: x = 0.5 இல் இழுவை −4. அரை அடிக்கு அது வேகத்தில் −0.2 ஆகும். எனவே 0.05 நேரத்தில் வேகம் (−0.2, 1.63). இதனால் 0.1 நேரத்தில் கோள் (0.480, 0.163) இல். அங்கே இழுவை ஏறக்குறைய (−3.68, −1.25). 0.15 நேரத்தில் வேகம் (−0.568, 1.505). 0.2 நேரத்தில் கோள் (0.4232, 0.3135) இல்.

இனி நியூட்டனின் முக்கோணங்களை இந்த எண்களுக்குள் தேடுவோம். இரண்டு புள்ளிகளுக்கும் சூரியனுக்கும் நடுவிலான முக்கோணத்தின் இருமடங்குப் பரப்பு, முதல் x ஐ இரண்டாம் y ஆல் பெருக்கி, முதல் y ஐ இரண்டாம் x ஆல் பெருக்கியதைக் கழித்தால் வரும். முதல் முக்கோணம்: 0.5 × 0.163 = 0.0815. இரண்டாவது: 0.480 × 0.3135 − 0.163 × 0.4232 = 0.0815. அப்படியே அதே எண்!

பெயின்மனின் அட்டவணை அரைச் சுற்று முடியும்வரை போகிறது. கோள் x அச்சை −1.022 இல் வெட்டுகிறது, அப்போது அதன் y திசை வேகத்தின் அளவு 0.797. தொடக்கத்தில் 0.5 × 1.63 = 0.815. முடிவில் 1.022 × 0.797 = 0.8145. எண்களைச் சுருக்கி எழுதியதால் வந்த கடைசி இலக்கத்தை விட்டால் பரப்பு விதி அசையவேயில்லை. ஆனால் கோள் நிற்கும் இடம் சரியில்லை. இந்தத் தொடக்கத்துக்கான உண்மையான நீள்வட்டம் அச்சை −0.989 இல் வெட்டவேண்டும். அடி பெரிது என்பதால் இடத்தில் நூற்றுக்கு மூன்று பிழை. சக்தியும் −0.672 இலிருந்து −0.661 ஆக விலகி நிற்கிறது. கோள் திரும்பச் சூரியனுக்குக் கிட்ட வரும்போது அந்த விலகல் சுருங்கும்.

இந்த முறையின் முழுக் குணமும் இந்த நாலைந்து எண்களுக்குள் இருக்கு. பரப்பை அது மிகச் சரியாகக் காக்கும். சக்தியை ஒரு எல்லைக்குள் காக்கும். இடத்தைக் காக்கும் என்று வாக்குக் கொடுக்கவே இல்லை.

அப்ப, கண்டுபிடித்தது யார்?

ஒழுங்கு ஒன்றுதான் என்பதற்காக "நியூட்டனே 1687 இல் இந்த முறையைக் கண்டுபிடித்துவிட்டார்" என்று எழுதலாமா? எழுதக்கூடாது என்பது என் பக்கம். நியூட்டனுக்குப் பல்கோணம் ஒரு சாரக்கட்டு. முக்கோணங்களின் எண்ணிக்கையை முடிவில்லாமல் கூட்டி, தட்டுகளைத் தொடர்ச்சியான விசையாக்கி, பல்கோணத்தை வளைகோடாக்கினதும் சாரத்தை அவிழ்த்துவிடுகிறார். கணிக்கிறவருக்கோ அந்தப் பல்கோணமே வீடு. அதற்குள்தான் அவர் குடியிருக்கவேண்டும், துண்டுகள் ஒருநாளும் பூச்சியமாகப் போவதில்லை. ஒரே உருவம், இரண்டு வேலை. பழைய நூலில் இன்றைய முறையின் சாயலைக் கண்டதும் உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுப்பது, "எல்லாம் எங்கட முன்னோருக்கு அப்பவே தெரியும்" என்ற கதை மாதிரித்தான்.

கணிக்கும் முறையாக அது பல தடவை பிறந்திருக்கு. 1791 இல் பிரெஞ்சு வானியலாளர் டெலாம்ப்ர் பயன்படுத்தியிருக்கிறார். 1907 இல் நோர்வேயின் கார்ல் ஸ்டோர்மர், துருவ ஒளியை விளங்கிக்கொள்ள, பூமியின் காந்தப்புலத்தில் மின்னேற்றத் துகள்கள் போகும் பாதைகளை இதே குடும்பத்து முறைகளால் கையாலேயே கணித்தார். 1967 இல் லூ வெர்லே, ஆகன் அணுக்கள் 864 ஒன்றையொன்று இழுத்தும் தள்ளியும் திரிவதைக் கணினியில் கணித்து வெளியிட்டார். அவர் எழுதிய வடிவத்தில் வேகமே இல்லை:

```
x[n+1] = 2*x[n] - x[n-1] + h*h*a[n]
```

இதில் n+1 ஐயும் n−1 ஐயும் இடம் மாற்றிப் பாருங்கோ. அதே சமன்பாடு திரும்ப வரும். நேற்றும் நாளையும் இதற்கு ஒன்றுதான். திரும்பிப் போகும் குணம் இந்த ஒற்றை வரியில் வெளியாகவே தெரிகிறது.

முறை வேலை செய்கிறது என்பது ஒன்று, ஏன் வேலை செய்கிறது என்பது இன்னொன்று. இயக்கவியலின் வடிவியலைக் கெடுக்காத கணிப்பு முறைகள் பற்றி ரெனே டி வோகலேர் 1956 இல் எழுதிய அறிக்கை வெளியிடப்படாமலே கிடந்தது. 1983 இல் ரொனால்ட் ரூத் துகள் ஆர்முடுக்கிகளின் தேவைக்காக அந்த வழியில் எழுதியபிறகுதான் விஷயம் பரவியது. 1991 இல் ஜாக் விஸ்டமும் மத்தியூ ஹோல்மனும் தவளைப் பாய்ச்சலின் ஒரு உறவு முறையால் வெளிக்கோள்களை நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாகக் கணித்தார்கள். அந்த அளவுக்குப் போகும்போது கசிவு ஒரு சின்னக் குறை இல்லை. ஒரு கோள் தன் பாதையை விட்டு விலகினால், விலகினது கோளா கணக்கா என்று சொல்லமுடியாமல் போய்விடும்.

எங்கே கைவிடும்

சக்தி நிலையாக இருக்கிறது என்பதற்காக எல்லாமே சரி என்று நினைக்கக்கூடாது. மேலே உள்ள ஊசல் நிஜத்தைவிடச் சற்றே வேகமாக ஆடும். வித்தியாசம் ஒரு ஆட்டத்துக்கு h²/24 பங்கு, அதாவது பத்தாயிரத்தில் நாலு. சின்னதுதான், ஆனால் 1000 ஆட்டத்துக்குப் பிறகு 0.4 ஆட்டம் முன்னுக்கு நிற்கும். ஊசல் ஏறக்குறைய எதிர்ப்பக்கத்தில் இருக்கும், சக்தியோ கச்சிதமாக இருக்கும். கோளுக்கும் இதே கதைதான், அதன் நீள்வட்டம் மெல்லச் சுழலத் தொடங்கும். "எப்படி ஆடும்" என்பதற்கு இந்த முறையை நம்பலாம். "அந்த நாளில் எங்கே நிற்கும்" என்பதற்கு அடியைப் பாதியாக்கித் திரும்ப ஓட்டி, விடை எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கவேண்டும்.

அடியின் அளவை இடையில் மாற்றுவது அடுத்த பொறி. நீண்ட நீள்வட்டத்தில் கோள் சூரியனுக்குக் கிட்ட வரும்போது அடியைச் சின்னதாக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் இப்போதைய இடத்தை மட்டும் பார்த்து அடுத்த அடியை முடிவு செய்தால், திரும்பி வரும்போது அதே அடிகள் கிடைக்காது. திரும்பும் குணம் போய்விடும், கசிவும் திரும்ப வரும். காற்றுத்தடை மாதிரி வேகத்தைப் பொறுத்த விசைகளைச் சேர்த்தாலும் மேலே சொன்ன தர்க்கம் பொருந்தாது.

இவ்வளவு குறைகளோடும் அது ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு ஒரு ஒப்பீடு போதும். பரவலாகப் பயன்படும் நான்காம் வரிசை ரூங்கே–குட்டா முறை நம் ஊசலில் ஒரு அடிக்கு 100 கோடியில் 14 பங்கு சக்தியை மட்டும் இழக்கும். ஆயிரம் ஆட்டத்தில் இடத்தைத் தவளையைவிட மிக நன்றாகச் சொல்லும். ஆனால் அந்த இழப்பு ஒரே திசையில். ஒரு கோடி அடியில் நூற்றுக்கு 13 பங்கு போயிருக்கும். தவளை அப்போதும் 0.49875 க்கும் 0.5 க்கும் நடுவில்தான் தாண்டிக்கொண்டிருக்கும்.

கடைசியாக வெர்லே. தன் பெயர் ஒட்டிக்கொண்ட முறைக்குப் பிறகு அவர் அறிவியல் வரலாற்றுப் பக்கம் திரும்பினார். 1993 இல் பிரெஞ்சில் ஒரு நூல் எழுதினார். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'நியூட்டனின் பெட்டி'. நியூட்டன் தன் கையெழுத்துத் தாள்களைப் போட்டுவைத்த பெட்டியைப் பற்றியது. யார் பெயரை எந்த முறைக்கு வைப்பது என்று நாங்கள் சண்டை பிடிக்கலாம். வெர்லேயோ அந்தத் தாள்களுக்குப் பின்னால் போய், எழுதியவரையே படிக்க முனைந்தார்.